எஸ் இருந்தால் பன்மை என்ற கணக்கு எங்கே உதைக்கிறது?

"மேடம், நான் கல்வியியலில் ஆய்வு செய்கிறேன். பிள்ளைகளுக்குக் கணிதத்தின் மேல் வரும் பயத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதி ஆய்விதழுக்கு அனுப்பினேன். ஒருமை பன்மைப் பிழைகளை முழுவதும் சரிபார்க்கச் சொல்லி மதிப்பாய்வாளர் திருப்பி அனுப்பிவிட்டார். ஐந்து இடங்களை மட்டும் அடிக்கோடிட்டிருக்கிறார்: 'திஸ் ஃபினாமினா', 'தி க்ரைட்டீரியா வாஸ் ரிவைஸ்ட்', 'சில்ட்ரன்ஸ் வேர் ஆஸ்க்ட்', 'போத் ஹைப்பாதெசிஸ் வேர்', 'மேத்தமேட்டிக்ஸ் ஆர் ஃபியர்ட்'. எஸ் இருந்தால் பன்மை என்றுதான் நான் படித்தேன். இப்போது பார்த்தால் நியூஸ்கூட ஒருமையாம். பயந்துபோய் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் வரும் இடத்தில் எல்லாம் 'இஸ்' என்று மாற்றினேன், என் நெறியாளர் அதுவும் தப்பு என்கிறார். என் தோழியோ, 'டேட்டா இஸ் என்று எல்லாரும் எழுதுகிறார்கள், ஃபினாமினா இஸ் என்பதும் அப்படித்தான், மதிப்பாய்வாளருக்கு எதிர்த்து எழுது' என்கிறாள். எதிர்த்து எழுதலாமா? நீளமான பட்டியல்களை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழியே இல்லையா?"

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

எதிர்த்து எழுத வேண்டாம். அடிக்கோடிட்ட ஐந்தும் பிழைகள்தான், அதில் மதிப்பாய்வாளர் பக்கம்தான் நியாயம். ஆனால் உங்கள் தோழி சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது, அதற்குக் கடைசியில் வருகிறேன். பட்டியலை மனப்பாடம் செய்யவும் வேண்டாம். ஆய்வுக் கட்டுரைகளைத் திருத்திக் கொடுப்பதுதான் என் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன், ஒரு கட்டுரையில் இப்படிச் சிக்கல் தரும் சொற்கள் பெரும்பாலும் பத்தைத் தாண்டாது. அவைதான் திரும்பத் திரும்ப வந்து பிழைகளைப் பெருக்கிக் காட்டும். உங்கள் கட்டுரையில் சில்ட்ரன், ஃபினாமினா, க்ரைட்டீரியா, ஹைப்பாதெசிஸ், அனாலிசிஸ், டேட்டா, மேத்தமேட்டிக்ஸ், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஆகியவை இருக்கும். வேறு இரண்டொன்று இருந்தாலும் இதே முறையில் பிடித்துவிடலாம்.

அந்த ஐந்தில் நான்கு, மொழியை மட்டும் தொட்ட பிழைகள். 'க்ரைட்டீரியா வாஸ் ரிவைஸ்ட்' அப்படியில்லை. அங்கே நீங்கள் ஆய்வில் என்ன செய்தீர்கள் என்பதே படிப்பவருக்குத் தெரியாமல் போகிறது. மதிப்பாய்வாளர் வேறெதையும் கண்டுகொள்ளாமல் விட்டாலும் இதை விட்டிருக்க மாட்டார்.

எண்ணிக்கையை எங்கே பார்ப்பது

எஸ் இருந்தால் பன்மை என்ற விதி பெரும்பாலான சொற்களுக்குச் சரியாகவே வேலை செய்கிறது, அதனால்தான் அதை நம்பிவிடுகிறோம். அது தவறும் இடங்கள் இரண்டு திசையில் இருக்கின்றன. எஸ் இல்லாமலே பன்மையாக இருப்பவை ஒரு பக்கம்: சில்ட்ரன், ஃபினாமினா, க்ரைட்டீரியா, பீப்பிள், போலீஸ். எஸ் இருந்தும் ஒருமையாக நடப்பவை மறுபக்கம்: நியூஸ், மேத்தமேட்டிக்ஸ், ஃபிசிக்ஸ், மீஸல்ஸ். முதல் வகையில் நாம் எஸ்ஸைக் கூடுதலாக ஒட்டுகிறோம், அல்லது பன்மையை ஒருமை என்று நினைத்து 'இஸ்' போடுகிறோம். இரண்டாம் வகையில் 'ஆர்' போடுகிறோம். உங்கள் ஐந்து பிழைகளில் இந்த மூன்றுமே இருக்கின்றன.

ஆங்கிலத்தில் ஒரு பெயர்ச்சொல்லின் எண்ணிக்கையை உறுதியாகக் காட்டுவது அதன் வால் அல்ல, அதன் துணைச்சொற்கள். இடப்பக்கம் திஸ், தீஸ், போத், ஈச், மெனி, மச் போன்றவை. வலப்பக்கம் இஸ், ஆர், வாஸ், வேர். கொஞ்சம் தள்ளி இட், தே. ஒரு சொல்லின் மேல் சந்தேகம் வந்தால் ஒரு நல்ல அகராதியில் அது வரும் இரண்டு மூன்று எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் பாருங்கள், சொல்லைப் பார்க்காமல் இந்தத் துணைகளைப் பாருங்கள். நியூஸுக்குப் பக்கத்தில் 'திஸ்' நிற்கும், 'மச்' நிற்கும், 'மெனி' நிற்காது. இவ்வளவுதான் சோதனை.

தமிழிலிருந்து போகிற நமக்கு இதில் ஒரு தனிச் சிரமம் உண்டு. 'இரண்டு மாடு வந்தது' என்று 'கள்' போடாமல் சொன்னாலும் நமக்கு உறுத்துவதில்லை, எண்ணைச் சொல்லியாகிவிட்டதே என்று விட்டுவிடுகிறோம். ஆங்கிலம் அப்படி விடாது. பெயரிலும் காட்டு, திஸ்-தீஸிலும் காட்டு, வினையிலும் காட்டு, எல்லாம் ஒத்துப்போகட்டும் என்கிறது. அந்த ஒத்துப்போதல் எங்கே உடைகிறதோ அங்கேதான் மதிப்பாய்வாளரின் கோடு விழுந்திருக்கிறது.

ஆங்கிலேயர்களே இந்த எஸ்ஸிடம் ஏமாந்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பட்டாணிக்குப் பழைய ஆங்கிலச் சொல் 'பீஸ்'. அதன் கடைசி ஒலி சொல்லோடு சேர்ந்தது, பன்மை விகுதி இல்லை. ஆனால் காதில் அது பன்மைபோல் விழுந்ததால், 'அப்படியானால் ஒன்றுக்கு பீ' என்று மக்களே வெட்டிவிட்டார்கள். இன்றைய 'பீ' என்ற சொல் அப்படி வந்ததுதான். செர்ரியும் இதே வழியில் வந்த சொல். அங்கே அந்தத் தவறு எல்லாரும் ஏற்று, காலப்போக்கில் மொழியாகிவிட்டது. உங்கள் மேத்தமேட்டிக்ஸ் விஷயத்தில் அப்படி நடக்கவில்லை, வித்தியாசம் அவ்வளவுதான். ஆகவே நீங்கள் செய்ததை அறியாமை என்று நினைத்துக் குமைய வேண்டாம்.

சில்ட்ரன்ஸ்: ஏற்கெனவே இரண்டு விகுதி இருக்கிறது

பழைய ஆங்கிலத்தில் பிள்ளைக்குச் 'சில்ட்', அதன் பன்மைகளில் ஒன்று 'சில்ட்ரு'. அது நாளடைவில் 'சில்டர்' ஆனது. வட இங்கிலாந்தின் சில வட்டார வழக்குகளில் இந்த வடிவம் வெகுகாலம் நீடித்தது. ஆனால் அந்த 'ர்' ஒரு பன்மை விகுதி என்பது மற்றவர்களுக்கு மறந்துபோயிற்று. அந்தக் காலத்தில் 'என்' என்று முடியும் இன்னொரு பன்மை விகுதி பரவலாக இருந்தது. இன்றைக்கு அது தூய்மையாக மிச்சமிருப்பது ஆக்ஸன் என்ற சொல்லில் மட்டும்தான். அதை எடுத்து சில்டரின் மேல் ஒட்டினார்கள், சில்ட்ரன் ஆயிற்று. அதாவது, நீங்கள் சில்ட்ரனில் ஓர் எஸ் சேர்த்தபோது மூன்றாவது பன்மை விகுதியை ஒட்டியிருக்கிறீர்கள்.

மென், விமென், ஃபீட், டீத், மைஸ் இவை வேறு வகை. அங்கே விகுதி இல்லை, உள்ளே இருக்கும் உயிரொலி மாறியிருக்கிறது. மிகப் பழைய காலத்தில் இவற்றின் பன்மையில் 'இ' ஒலியுள்ள ஒரு விகுதி இருந்தது. அடுத்து வரப்போகும் அந்த 'இ'க்காக வாய் முன்கூட்டியே தயாரானதில் உள்ளேயிருந்த உயிர் மாறிக்கொண்டது. பிறகு விகுதி தேய்ந்து விழுந்துவிட்டது, மாறிய உயிர் மட்டும் தங்கிவிட்டது. இந்த வகையில் புழக்கத்தில் இருப்பவை மிகச் சில, நீங்கள் பள்ளியிலேயே அவற்றைக் கற்றிருப்பீர்கள், இங்கே நிற்க வேண்டியதில்லை.

ஆனால் சில்ட்ரனைத் திருத்தும்போது ஓர் ஆபத்து இருக்கிறது. கோப்பு முழுவதும் தேடி 'சில்ட்ரன்ஸ்' என்ற எழுத்துகளையெல்லாம் ஒரே சொடுக்கில் 'சில்ட்ரன்' என்று மாற்றிவிடாதீர்கள். 'பிள்ளைகள் கேட்கப்பட்டனர்' என்ற இடத்தில் எஸ் போக வேண்டும், சரி. 'பிள்ளைகளின் பயம்' என்ற இடத்தில் அந்த எஸ் இருந்தே ஆக வேண்டும், அது உடைமையைக் காட்டும் எஸ். அங்கே சேர வேண்டியது அப்பாஸ்ட்ரஃபி மட்டும்தான், அதுவும் எஸ்ஸுக்கு முன்னால். எஸ்ஸில் முடியும் பன்மைகளுக்குத்தான் அப்பாஸ்ட்ரஃபி பின்னால் போகும். சில்ட்ரன், விமென், மென், பீப்பிள் எதுவும் எஸ்ஸில் முடியாததால், அவற்றுக்கு எஸ்ஸுக்குப் பின்னால் அப்பாஸ்ட்ரஃபி வரும் சந்தர்ப்பமே கிடையாது. உங்கள் கட்டுரையின் தலைப்பிலேயே 'பிள்ளைகளின் கணிதப் பயம்' என்று வருமானால், அதை முதலில் பாருங்கள்.

ஃபினாமினா, க்ரைட்டீரியா, ஹைப்பாதெசீஸ்

ஃபினாமினனும் க்ரைட்டீரியனும் கிரேக்கத்திலிருந்து வந்தவை. அங்கே ஒருவகைப் பெயர்களுக்கு ஒருமையில் 'ஆன்' முடிவு, பன்மையில் 'ஆ' முடிவு. ஆங்கிலம் சொல்லோடு சேர்த்து அந்தப் பன்மையையும் வாங்கிக்கொண்டது. லத்தீனிலிருந்து வந்த பாக்டீரியம்–பாக்டீரியா, டேட்டம்–டேட்டா ஆகியவையும் பன்மையில் இதே 'ஆ'வில்தான் முடிகின்றன. ஆகவே ஒன்று என்றால் ஃபினாமினன், பலவென்றால் ஃபினாமினா. 'திஸ் ஃபினாமினன்' அல்லது 'தீஸ் ஃபினாமினா'. இரண்டில் எது என்பதை உங்கள் ஆய்வுதான் சொல்ல வேண்டும். கணிதப் பயம் என்ற ஒரே நிகழ்வைப் பற்றிப் பேசுகிறீர்கள் என்பதால் முன்னதாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

இதை எல்லாவற்றுக்கும் நீட்டிவிடாதீர்கள். எலெக்ட்ரானும் அப்படித்தான் முடிகிறது, ஆனால் அதன் பன்மை எலெக்ட்ரான்ஸ். 'அஸ்' என்று முடியும் ஸ்டிமுலஸ் ஸ்டிமுலை ஆகும், ஆனால் வைரஸ் வைரஸஸ் தான், ஸ்டேட்டஸ் ஸ்டேட்டஸஸ் தான். முடிவைப் பார்த்து ஊகிப்பது இங்கே செல்லாது, அகராதியைத் திறந்துதான் பார்க்க வேண்டும். ஆனால் ஒரு சொல்லுக்கு ஒரு முறை பார்த்தால் போதும்.

ஹைப்பாதெசிஸ், அனாலிசிஸ், க்ரைசிஸ், தீசிஸ், பேசிஸ் இந்தக் குடும்பம் மட்டும் ஒழுங்காக நடந்துகொள்ளும். எழுத்தில் ஒருமையின் ஐ, பன்மையில் ஈ ஆகிறது. வாசிக்கும்போது கடைசி அசை நீண்டு 'ஸீஸ்' என்று ஒலிக்கிறது. இங்கேதான் எஸ் நம்மை நன்றாக ஏமாற்றுகிறது: ஒருமையே எஸ்ஸில் முடிவதால் 'போத் ஹைப்பாதெசிஸ்' என்று எழுதும்போது பன்மை ஏற்கெனவே வந்துவிட்டதுபோல் கண்ணுக்குத் தோன்றுகிறது. நீங்கள் எழுதியதில் 'போத்' பன்மை, 'வேர்' பன்மை, நடுவில் நிற்கும் சொல் மட்டும் ஒருமை. ஓர் எழுத்தை மாற்றினால் சரியாகிவிடும்.

சீரீஸ், ஸ்பீஷீஸ் ஆகியவை ஒருமையிலும் பன்மையிலும் அப்படியே இருக்கும். எஸ்ஸை வெட்டி 'எ ஸ்பீஷீ' என்று ஒருமை செய்ய முடியாது. அப்படி எழுதினால் அது நாணயங்களைக் குறிக்கும் வேறொரு சொல்லாகிவிடும்.

இப்போது அந்த க்ரைட்டீரியா வாக்கியம். 'முதல் சுற்றுக்குப் பிறகு க்ரைட்டீரியா மாற்றப்பட்டது' என்ற பொருளில் எழுதியிருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். பெயர் பன்மை, வினை ஒருமை. இதைப் படிக்கும் ஒருவர் எதை நம்புவார்? பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க நீங்கள் மூன்று வரையறைகள் வைத்திருந்ததாக வைத்துக்கொள்வோம்: வயது, முன்தேர்வு மதிப்பெண், பெற்றோரின் ஒப்புதல். முதல் சுற்றில் போதுமான பிள்ளைகள் கிடைக்காததால் மதிப்பெண் வரம்பை மட்டும் தளர்த்தினீர்கள் என்றால் நடந்தது ஒன்று. மூன்றையுமே மாற்றினீர்கள் என்றால் நடந்தது முற்றிலும் வேறு, அப்போது முதல் சுற்றுப் பிள்ளைகளையும் இரண்டாம் சுற்றுப் பிள்ளைகளையும் ஒரே குழுவாகச் சேர்த்துக் கணக்கிடலாமா என்ற கேள்வியே எழும். உங்கள் வாக்கியம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

மொழி திருத்துபவராக என்னால் இதைத் திருத்தித் தர முடியாது. 'க்ரைட்டீரியா வேர்' என்று நான் மாற்றினால் இலக்கணம் சரியாகிவிடும், ஆனால் நீங்கள் ஒன்றை மட்டும் மாற்றியிருந்தால் கட்டுரையில் பொய் ஏறிவிடும். 'க்ரைட்டீரியன் வாஸ்' என்று மாற்றினாலோ இருந்ததே ஒரு வரையறைதான் என்றாகிவிடும். உங்கள் ஆய்வுக் குறிப்பேட்டைப் பார்த்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஒன்று மட்டும் மாறியது என்றால் 'ஒன் ஆஃப் தி க்ரைட்டீரியா வாஸ் ரிவைஸ்ட்' என்று எழுதி, எது என்பதையும் அடுத்த வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். இந்த வாக்கியத்தில் 'க்ரைட்டீரியா வாஸ்' பக்கத்தில் பக்கத்தில் வருவது சரிதான், ஏனென்றால் 'வாஸ்' ஒத்துப்போவது 'ஒன்' என்பதோடு. பின்னால் தேடித் திருத்தும்போது இதையும் பிழை என்று நினைத்து 'வேர்' ஆக்கிவிடாதீர்கள்.

மேத்தமேட்டிக்ஸும் நியூஸும்

இவற்றில் இருக்கும் எஸ் ஒரு காலத்தில் உண்மையான பன்மை எஸ்தான், அதனால் உங்கள் குழப்பத்துக்கு வேர் இருக்கிறது. கிரேக்கத்தில் துறைகளையும் அவற்றைப் பற்றிய நூல்களையும் 'இயற்கை பற்றியவை', 'அரசு பற்றியவை' என்ற பாணியில் பன்மையில் குறிப்பிடுவார்கள். அரிஸ்டாட்டிலின் நூல்களுக்கு வழங்கும் பெயர்களே அப்படிப்பட்டவை. ஆங்கிலத்தில் 16-ஆம் நூற்றாண்டு வாக்கில் இந்தப் பாணியைப் பின்பற்றித் துறைப்பெயர்களில் எஸ் சேர்ப்பது வழக்கமாயிற்று: மேத்தமேட்டிக்ஸ், ஃபிசிக்ஸ், பாலிட்டிக்ஸ். அதற்கு முன்பே பிரெஞ்சு வழியாக வந்து வேரூன்றிவிட்ட லாஜிக், மியூசிக், அரித்மெட்டிக் ஆகியவை எஸ் இல்லாமல் அப்படியே நின்றுவிட்டன. வடிவத்தில் பன்மை தங்கியது, பொருளோ ஒரே துறை என்று ஆகிவிட்டது, வினையும் பொருளைப் பின்பற்றி ஒருமையாயிற்று. சுருக்கிச் சொல்லும்போது பிரிட்டிஷ்காரர்கள் மேத்ஸ் என்கிறார்கள், அமெரிக்கர்கள் மேத் என்கிறார்கள். இரண்டுக்கும் 'இஸ்' தான்.

நியூஸும் 'புதியவை' என்ற பொருளில் பிறந்த பன்மைதான். நானூறு ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்தில் 'தீஸ் நியூஸ்' என்றும் எழுதியிருக்கிறார்கள். இன்று ஒருமை மட்டுமே. அதோடு அது எண்ணப்படாத பெயராகவும் ஆகிவிட்டது, அதனால் 'எ நியூஸ்' என்றும் சொல்ல முடியாது. ஒரு செய்தி, இரண்டு செய்தி என்று எண்ண வேண்டுமானால் 'எ பீஸ் ஆஃப் நியூஸ்', 'டூ நியூஸ் ஐட்டம்ஸ்' என்று வேறொரு சொல்லின் துணை வேண்டும். 'ஒருமை' என்றதும் முன்னால் 'எ' போடலாம் என்று பலர் நினைத்துவிடுகிறார்கள், அங்கேதான் அடுத்த பிழை வருகிறது. மேத்தமேட்டிக்ஸுக்கும் இதே கதிதான், 'எ மேத்தமேட்டிக்ஸ்' கிடையாது.

ஸ்டாட்டிஸ்டிக்ஸ் விஷயத்தில் உங்கள் நெறியாளர் சொன்னது சரி. அது இரண்டு வேலை பார்க்கும் சொல். புள்ளியியல் என்ற துறையைச் சொன்னால் 'ஸ்டாட்டிஸ்டிக்ஸ் இஸ்'. நீங்கள் அட்டவணையில் கொடுத்த புள்ளிவிவரங்களைச் சொன்னால் 'தீஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் ஆர்'. பிரித்தறிய ஒரு வழி சொல்கிறேன்: அந்த இடத்தில் 'ஒரே ஒரு ஸ்டாட்டிஸ்டிக்' என்று சொன்னால் பொருள் வருமா என்று பாருங்கள். அட்டவணையிலிருந்து ஒரு எண்ணை எடுத்து 'எ ஸ்டாட்டிஸ்டிக்' என்று சொல்ல முடியும், எனவே அங்கே பன்மை. துறையை அப்படி வெட்ட முடியாது, எனவே ஒருமை. எக்கனாமிக்ஸ், அக்கூஸ்டிக்ஸ், எதிக்ஸ் ஆகியவற்றுக்கும் இந்த இரட்டை வாழ்க்கை உண்டு: அக்கூஸ்டிக்ஸ் என்ற அறிவியல் 'இஸ்', ஓர் அரங்கத்தின் அக்கூஸ்டிக்ஸ் 'ஆர்'. அவற்றுக்கு இந்தச் சோதனை அப்படியே பொருந்தாது. துறையைச் சொல்கிறேனா, குறிப்பிட்ட ஒன்றின் தன்மைகளைச் சொல்கிறேனா என்று கேட்டுக்கொண்டால் போதும்.

உங்கள் தோழியின் வாதம்

அவர் சொல்வதுபோல் ஒரு பன்மை காலப்போக்கில் ஒருமையாக மாறுவது உண்மையிலேயே நடக்கிறது. அஜெண்டா லத்தீனில் 'செய்ய வேண்டியவை' என்ற பன்மை. இன்று ஆங்கிலத்தில் அது முழு ஒருமை, அதற்கு அஜெண்டாஸ் என்று புதுப் பன்மையே வந்துவிட்டது, யாரும் ஆட்சேபிப்பதில்லை. டேட்டா அந்தப் பயணத்தில் பாதி வழியில் இருக்கிறது. பொது எழுத்தில் 'டேட்டா இஸ்' மிகவும் சாதாரணம், தகவல் என்ற மொத்தப் பொருளில் எழுதுகிறார்கள். ஆனால் கல்வியியல் இதழ்கள் பெரிதும் பின்பற்றும் ஏபிஏ நடைக்கையேடு டேட்டாவைப் பன்மையாகவே எழுதச் சொல்கிறது. உங்கள் இதழ் எந்த நடையைக் கேட்கிறது என்று அதன் எழுத்தாளர் குறிப்புகளில் பாருங்கள். எதைத் தேர்ந்தாலும் கட்டுரை முழுவதும் அதையே வைத்திருங்கள். மூன்றாம் பக்கத்தில் 'டேட்டா வாஸ்', ஏழாம் பக்கத்தில் 'டேட்டா வேர்' என்றிருந்தால், இரண்டும் தனித்தனியே ஏற்கத்தக்கவை என்ற வாதம் உங்களைக் காப்பாற்றாது.

ஃபினாமினாவும் க்ரைட்டீரியாவும் அந்த நிலைக்கு வரவில்லை. பேச்சில் 'எ ஃபினாமினா' அடிக்கடி காதில் விழுகிறது, உண்மைதான். ஆனால் திருத்திப் பதிப்பித்த ஆய்வு எழுத்தில் அது இன்றும் பிழையாகவே எண்ணப்படுகிறது. காரணமும் இருக்கிறது: டேட்டம் என்ற ஒருமை பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது, அதனால் டேட்டா இரண்டு வேலையையும் பார்க்கிறது. ஃபினாமினனும் க்ரைட்டீரியனும் இன்னும் உயிரோடு, தினமும் புழக்கத்தில் இருக்கின்றன. ஒருமைக்கு ஒரு சொல் கையில் இருக்கும்போது பன்மையை அந்த இடத்தில் வைத்தால், நீங்கள் பலவற்றைப் பற்றிப் பேசுவதாகத்தான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். இதை வைத்து மதிப்பாய்வாளரோடு வழக்காடினால் உங்களுக்குக் கிடைப்பது ஒன்றுமில்லை. ஒரு சுற்றுக் காலம் வீணாகும், கட்டுரையின் மற்ற பகுதிகளையும் அவர் சந்தேகத்தோடு படிக்கத் தொடங்குவார்.

இனி கோப்பைத் திறந்து

எழுத்துப்பிழைக்குச் சிவப்புக் கோடு போடும் வசதியை நம்பியிருக்க வேண்டாம். அது ஃபினாமினாஸ், க்ரைட்டீரியாஸ் போன்ற இல்லாத சொற்களைப் பிடிக்கும். 'திஸ் ஃபினாமினா'வில் இரண்டு சொல்லும் அகராதியில் இருப்பவை என்பதால் பேசாமல் விட்டுவிட வாய்ப்பு உண்டு. ஒவ்வொரு சொல்லாகத் தேடுவதுதான் வழி. முதலில் ஃபினாமினாவைத் தேடுங்கள், அது வரும் ஒவ்வோர் இடத்திலும் நின்று, இங்கே நான் சொல்வது ஒன்றா பலவா என்று முதலில் உங்களையே கேளுங்கள். பதில் கிடைத்த பிறகு பெயரைச் சரிசெய்து, அப்புறம் இடப்பக்கத் துணை, வலப்பக்க வினை இரண்டையும் ஒத்துப்போக வையுங்கள். இந்த வரிசை முக்கியம், வினையிலிருந்து தொடங்கினால் இருக்கும் பிழைக்கு ஏற்ற மாதிரி பெயரை வளைத்துவிடுவீர்கள்.

வினையோடு நிறுத்திவிடாமல் அடுத்த வாக்கியத்தையும் எட்டிப் பாருங்கள். 'மேத்தமேட்டிக்ஸ் ஆர் ஃபியர்ட்' என்பதை 'இஸ் ஃபியர்ட்' என்று திருத்திவிட்டு, அதைத் தொடர்ந்து வரும் 'பிகாஸ் தே ஆர்' என்பதை மறந்துவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். அங்கே 'இட் இஸ்' வர வேண்டும். அதேபோல் 'தி அனாலிசிஸ் ஆஃப் தி சில்ட்ரன்'ஸ் ஆன்சர்ஸ்' என்று நீளும் இடத்தில், வினைக்குப் பக்கத்தில் நிற்கும் ஆன்சர்ஸைப் பார்த்து 'வேர்' போடத் தோன்றும். அனாலிசிஸ் ஒன்றுதான் என்றால் 'வாஸ்' தான் சரி.

மதிப்பாய்வாளருக்கு எழுதும் பதிலில் இந்த மொழித் திருத்தங்களுக்கு ஒரு வரி போதும்: கட்டுரை முழுவதும் ஒருமை பன்மை ஒத்திசைவு சரிபார்க்கப்பட்டது, சுட்டிய ஐந்து இடங்களும் திருத்தப்பட்டன. க்ரைட்டீரியா வாக்கியத்தை மட்டும் தனியே எடுத்து, எந்த வரையறை மாறியது, எப்போது, முதலில் சேர்த்த பிள்ளைகளுக்கு அது பொருந்துமா என்று விளக்கி, திருத்திய வாக்கியத்தின் வரி எண்ணையும் கொடுங்கள். அவர் அடுத்த சுற்றில் முதலில் திருப்பிப் பார்க்கப்போகும் இடம் அதுதான்.